பொரியும் கரணையும்: ஒரு கடையின் ஆயுத பூஜை வாழ்த்து

ஹார்டுவேர் கடைக்குத் தீபாவளியைவிட, பொங்கலைவிட நெருக்கமான பண்டிகை ஒன்று உண்டென்றால் அது ஆயுத பூஜைதான். நவராத்திரியின் நவமியன்று கொத்தனார் கரணையைக் கழுவித் துடைத்துச் சந்தனம் வைக்கிறார். ஆசாரி வீட்டில் உளி, இழைப்புளி, கொட்டாப்புளி எல்லாம் வாழையிலையில் வரிசையாக உட்காருகின்றன. அவற்றில் பாதி அந்தக் கடையிலிருந்து போனவையாகவே இருக்கும். ஆகவே அன்று கடை சொல்லும் வாழ்த்து, முகம் தெரிந்தவர்களுக்குச் சொல்லும் வாழ்த்து. ஆனால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பெரும்பாலான கடைகள் போடுவதைப் பார்த்தால் அப்படித் தெரிவதில்லை.

வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: “அனைவருக்கும் இனிய ஆயுத பூஜை நல்வாழ்த்துகள்! பெயிண்ட், பைப், எலக்ட்ரிக்கல், சானிட்டரி பொருட்கள் அனைத்தும் ஒரே இடத்தில். பண்டிகைக் காலச் சிறப்புத் தள்ளுபடி உண்டு. இன்றே வாருங்கள்.” கீழே இரண்டு போன் நம்பர். படத்தில் தங்க நிறப் பூ வேலைப்பாடு, ஓரத்தில் ஏதோ ஒரு பெயிண்ட் கம்பெனியின் முத்திரை. கம்பெனிக்காரர்கள் டீலர்களுக்கெல்லாம் இப்படி ஒரே படத்தை அனுப்பி, கடைப் பெயருக்கு மட்டும் கீழே இடம் விட்டிருப்பார்கள். பக்கத்துத் தெருக் கடையும் அதையே போட்டிருக்கும். பார்ப்பவர் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். அதில் அவருக்கென்று ஒரு சொல்கூட இல்லை.

சிற்றூர் ஒன்றில் இருபது வருஷமாக நடக்கும் ஒரு ஹார்டுவேர் கடை என்று வைத்துக்கொள்வோம். மேலே உள்ள வாழ்த்தை அந்தக் கடைக்காக மாற்றி எழுதிப் பார்ப்போம். முதல் வேலை, விற்பனை வாடை அடிக்கும் எல்லாவற்றையும் எடுப்பது. தள்ளுபடி போகிறது, பொருள் பட்டியல் போகிறது, “இன்றே வாருங்கள்” போகிறது. போன் நம்பரும் போக வேண்டும். கடைக்காரர்கள் இதற்குத்தான் மிகவும் தயங்குவார்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் கடையின் ஸ்டேட்டஸைப் பார்க்கிறவரிடம் அந்த நம்பர் ஏற்கெனவே இருக்கிறது. மற்ற இடங்களில் கடையின் பக்கத்திலேயே நம்பர் போட்டு வைக்கலாம். வாழ்த்துக்குள் நம்பர் வந்தால் அது நோட்டீஸாகிவிடுகிறது.

இவ்வளவையும் எடுத்த பிறகு மிஞ்சுவது “அனைவருக்கும் வாழ்த்துகள்” என்ற ஒரு வரி. அந்த “அனைவரும்” யார் என்று கேட்டுக்கொண்டால் மீதி தானாக வரும். காலையில் கடை திறந்ததும் வந்து நிற்பவர்கள் யார்? மேஸ்திரி, பிளம்பர், எலக்ட்ரீஷியன், பெயின்டர், வெல்டர், ஆசாரி. இவர்களோடு, கடைக்கு அதிகம் வராவிட்டாலும் அங்கே வாங்கிய சிமெண்டையும் மணலையும் தலையில் சுமந்து மாடி ஏற்றும் சித்தாள்கள். வாழ்த்துகளில் எப்போதும் விட்டுப்போகிறவர்கள் இவர்கள்தான். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களைப் பெயர் சொல்லிச் சேர்ப்பதற்காகவே இந்த வாழ்த்தை எழுதலாம் என்பேன்.

அப்போது வாழ்த்து இப்படி வரும்:

“கரணைக்கும் ரசமட்டத்துக்கும் இன்று ஒருநாள் ஓய்வு. நம்ம ஊரில் ஒழுகாத கூரையும் கோணாத சுவரும் உங்கள் கைவேலை. மேஸ்திரிகள், ஆசாரிகள், பிளம்பர்கள், எலக்ட்ரீஷியன்கள், பெயின்டர்கள், வெல்டர்கள், கல்லும் மண்ணும் சுமக்கும் சித்தாள் அக்காமார்கள் எல்லோருக்கும் ஆயுத பூஜை வாழ்த்துகள். வேலைக்குப் போகிற எல்லோரும் நல்லபடியாக வீடு திரும்பணும்.”

அதற்குக் கீழே கடைப் பெயர் மட்டும், சிறிதாக.

முதல் வரியிலேயே கரணை வந்துவிடுவதைக் கவனியுங்கள். இன்ஸ்டாகிராமில் நீளமான வாசகத்தின் முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும், மீதியைத் தொட்டுத் திறக்க வேண்டும். “அனைவருக்கும் இனிய” என்று தொடங்கினால் திறந்து பார்க்க ஒரு காரணமும் இல்லை. கடைசி வரியைச் சும்மா சேர்க்கவில்லை. சாரத்தில் நின்று வேலை செய்கிறவருக்கும் கரண்ட் வயரைத் தொடுகிறவருக்கும் அதைவிடப் பெரிய வாழ்த்து கிடையாது. ஆனால் அதன் பின்னாலேயே “பாதுகாப்புக் கையுறை, ஹெல்மெட் நம்மிடம் கிடைக்கும்” என்று ஒட்டிவிட்டால் அந்த வரி செத்துப்போகும்.

இந்த வாழ்த்தில் சாமி பெயர் வரவில்லை. கடைக்கு வரும் எலக்ட்ரீஷியன் முஸ்லிமாக இருக்கலாம், பெயின்டர் கிறிஸ்தவராக இருக்கலாம். கருவியையும் கையையும் வாழ்த்தினால் அது எல்லோருக்கும் போய்ச் சேரும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்து வேலை செய்பவர்களுக்கு இன்னொரு நாள் இருக்கிறது. அவர்கள் ஊரில் கருவிகளுக்குப் பூஜை போடுவது விஸ்வகர்மா பூஜையன்று. அது பெரும்பாலும் செப்டம்பர் 17-ஆம் தேதி வரும். அவர்கள் அடிக்கடி வரும் கடையானால் அன்றைக்கும் இரண்டு வரி போடலாம்.

படத்துக்கு வருவோம். ரேக்கில் தொங்கும் புது சுத்தியலை எடுத்துப் பூ சுற்றிப் படம் பிடிப்பது சுலபம். அதில் விலை ஸ்டிக்கரும் கம்பெனிப் பெயரும் பளிச்சென்று தெரியும், உடனே அது விளம்பரமாகிவிடும். அதைவிட, பல வருஷம் சிமெண்டைத் தேய்த்துத் தேய்த்து முனை மழுங்கி, மரப்பிடி கருத்து வழவழப்பான ஒரு கரணையைப் பாருங்கள். அதில் ஒரு சந்தனப் பொட்டு, பக்கத்தில் ஒரு கைப்பிடி பொரி. பார்க்கிற எந்தக் கொத்தனாருக்கும் அது தன் கரணை போலவே தோன்றும். யாருடையதோ அவரிடம், “அண்ணே, இதைப் படம் எடுத்துப் போடலாமா?” என்று கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். யாரும் கிடைக்காவிட்டால் கடையில் ஆணி நிறுக்கும் பழைய தராசு போதும். அதுவும் அன்று பூஜைக்கு வைக்கும் கருவிதானே.

வாழ்த்தைப் படத்தின் மேலேயே எழுதுபவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சில டிசைன் மென்பொருள்களில் தமிழ் எழுத்துகள் உடையும். ‘கொ’வின் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் விலகி நிற்கும். அனுப்புவதற்கு முன் வேறொருவருடைய போனில் திறந்து ஒருமுறை வாசித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

விடுமுறை அறிவிப்பை எங்கே போடுவது என்ற கேள்வியும் எழும். பூஜையன்று மதியத்தோடு கடை சாத்தப்போகிறீர்கள் என்றால் அதைச் சொல்லத்தான் வேண்டும். பைப் உடைந்து தண்ணீர் கொட்டுகிற வீட்டுக்காரருக்கு அது தேவையான தகவல். ஆனால் அதை முந்தின நாளே தனி ஸ்டேட்டஸாகப் போட்டுவிடுங்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் நேரம் பார்த்துப் போட வேண்டும். வாழ்த்தை அன்று காலையில், கருவிகளைக் கழுவிக்கொண்டிருக்கும் வேளையில் போடலாம். பிராட்காஸ்டில் அனுப்புவதானால், கடை நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போகும். மற்றவர்களுக்குப் போகவில்லையே என்று அறியாதவர்களுக்கெல்லாம் தனித்தனியாக அனுப்ப ஆரம்பித்தால் அது தொல்லை.

வாழ்த்து போய்ச் சேர்ந்ததா என்பதை லைக் எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு பிளம்பர் அதை எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் போட்டால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். தள்ளுபடி இருக்கும் வாழ்த்தை அவர் போடமாட்டார். அடுத்த கடைக்கு விளம்பரம் செய்ய அவருக்கு என்ன அவசியம்?

வாழ்த்து கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் அதற்கு வரும் பதில்கள்தான். “உங்களுக்கும் வாழ்த்துகள் அண்ணாச்சி” என்று வரும். அதற்குக் கைகூப்பும் பொம்மையோடு நிறுத்தாமல், அவர் பெயரைச் சொல்லிப் பதில் எழுத வேண்டும். நடுவில் ஒருவர், “அரை இஞ்ச் பால் வால்வ் என்ன விலை?” என்று கேட்பார். விலையை அங்கேயே போட்டால், அடுத்து வருபவர் வாழ்த்தைப் படிப்பதற்கு முன் விலையைப் படிப்பார். “தனியா மெசேஜ் பண்றேன் அண்ணே, பூஜை வாழ்த்துகள்” என்று போட்டுவிட்டு, விலையை அவருக்கு மட்டும் அனுப்பலாம்.