கி.பி.யோடு அறுந்துபோகும் வாக்கியம்

"கி.பி. 1010-இல் முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்தான்." ஒமேகா-டி போன்ற மொழிபெயர்ப்பு மென்பொருளில் இந்த வரியைத் திறந்தால் இரண்டு துண்டுகள் வந்து நிற்கலாம். முதல் துண்டில் "கி.பி." மட்டும், மற்றதெல்லாம் அடுத்ததில். ஆங்கிலத்தில் ஆண்டு பெரும்பாலும் கடைசியில்தான் வரும். ஆனால் ஒரு துண்டில் உள்ளதை இன்னொரு துண்டுக்கு நகர்த்த நேரான வழியில்லை. போதாக்குறைக்கு, அந்த அரைகுறைத் துண்டு மொழிபெயர்ப்பு நினைவகத்திலும் சேமிக்கப்பட்டு, அடுத்த நூலில் மறுபடி தலைகாட்டும்.

மென்பொருளுக்கு வாக்கியம் என்றால் என்னவென்று தெரியாது. புள்ளிக்குப் பின் இடைவெளி வந்தால் வெட்டு என்பதுதான் அதன் பொது விதி. "கி"க்கு அடுத்த புள்ளி தப்புவது, அதன் பின் இடைவெளி இல்லாததால்தான். ஆங்கிலத்தில் அடுத்த சொல் பெரிய எழுத்தில் தொடங்குகிறதா என்றும் பார்க்கலாம். தமிழில் அந்தத் துப்பு கிடையாது.

எனவே விதிவிலக்குகளை நாமே எழுத வேண்டும். எஸ்.ஆர்.எக்ஸ். என்ற பொது வடிவத்தில் ஒரு விதி இப்படி இருக்கும்:

```
<rule break="no">
  <beforebreak>(^|\s)(கி\.பி|ரூ|திரு)\.</beforebreak>
  <afterbreak>\s</afterbreak>
</rule>
```

முதலில் பொருந்தும் விதியே செல்லும் என்பதால், இது பொது விதிக்கு மேலே இருக்க வேண்டும். கீழே வைத்துவிட்டு வேலை செய்யவில்லையே என்று தலையைச் சொறிபவர்கள் உண்டு.

தொடக்கத்திலுள்ள `(^|\s)` முக்கியமானது. அது இல்லாவிட்டால் "சற்றுக் காத்திரு. பேருந்து வரும்." என்பது ஒரே துண்டாகிவிடும்; "காத்திரு"வின் வால் "திரு" அல்லவா! பெயரின் முதலெழுத்துகளுக்காக, 'ஓரெழுத்தும் புள்ளியும் வந்தால் வெட்டாதே' என்று மொத்தமாக எழுதுவதும் ஆபத்து. "நீ போ. நான் வருகிறேன்." போன்றவை ஒட்டிக்கொள்ளும். உங்கள் நூலில் வரும் முதலெழுத்துகளை மட்டும் பட்டியலிடுவதே மேல்.

எண்ணிட்ட பட்டியலில் "1." தனித்துண்டாகும். அதற்கு இதே வகை விதியில் முன்பகுதியாக `^\s*\d+\.` போதும். பத்தித் தொடக்கத்தைக் குறிக்கும் `^` இருப்பதால், ஆண்டு எண்ணோடு முடியும் வாக்கியங்கள் வழக்கம்போல் வெட்டுப்படும்.

தலைப்பில் விதிகள் உதவாத இடம் ஒன்று உண்டு. நீண்ட தலைப்பு அழகாக இரு வரியில் அமையட்டும் என்று தட்டச்சாளர் நடுவில் என்டர் தட்டியிருப்பார். மென்பொருளுக்கு அவை இரண்டு பத்திகள். விதிகளால் பத்திக்குள் வெட்டவும் வெட்டாமல் விடவும்தான் முடியும். இரு பத்திகளை ஒட்ட முடியாது. மூலக் கோப்பைத் திறந்து அந்த என்டரை அழித்து இடைவெளி போடுவதே உறுதியான வழி.

இவற்றை வேலை தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். துண்டுப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தாலே, ஓரிரு சொல்லில் நிற்கும் துண்டுகள் கண்ணில் படும். பாதியில் விதியை மாற்றினால், பழைய துண்டுகளுக்கு எழுதிய மொழிபெயர்ப்பு நினைவகத்தில் இருந்தாலும், மாறிய துண்டுகளில் தானாக வந்து அமராது. தேடி எடுத்து ஒட்ட வேண்டும்.