மலை ஏறினால் ரத்தம் ஏன் கெட்டியாகிறது?

டெங்கு வந்த வீட்டில் ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் தட்டணு எண்ணிக்கைக்குத்தான் போகும். டாக்டர் அதோடு இன்னொரு எண்ணையும் பார்ப்பார். பி.சி.வி. என்று இருக்கும்; சில சீட்டுகளில் ஹெமட்டோகிரிட் என்று அச்சாகியிருக்கும். மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து வேகமாகச் சுழற்றினால், கனமான சிவப்பணுக்கள் அடியில் இறுகிப் படியும். மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா தெளிந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் வெளிறிய கோடாகத் தெரிவது வெள்ளணுக்களும் தட்டணுக்களும். மொத்த உயரத்தில் சிவப்புப் பகுதி எத்தனை சதவீதமோ அதுதான் ஹெமட்டோகிரிட். ஆண்களுக்கு ஏறக்குறைய 40 முதல் 50 வரை, பெண்களுக்கு 36 முதல் 46 வரை இருக்கலாம்.

இந்த எண் இரண்டு வழியில் ஏறும். சிவப்பணு கூடினாலும் ஏறும், பிளாஸ்மா குறைந்தாலும் ஏறும். டெங்குவில் நடப்பது இரண்டாவது: ரத்தக்குழாயிலிருந்து பிளாஸ்மா கசிந்துவிடுகிறது. மலை ஏறும் மனிதருக்கோ இரண்டுமே ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன.

1890இல் பிரான்சுவா வியோ என்ற பிரெஞ்சு மருத்துவ அறிஞர் பெரு நாட்டின் லிமா நகரிலிருந்து மொரோகோச்சா என்ற சுரங்க ஊருக்கு ஏறினார். ஆண்டீஸ் மலைத்தொடரில், 4000 மீட்டருக்கும் மேலே உள்ள ஊர் அது. தன் ரத்தத்தையே நுண்ணோக்கியில் வைத்து எண்ணினார். ஒரு கன மில்லிமீட்டரில் 50 லட்சமாக இருந்த சிவப்பணுக்கள் சுமார் மூன்று வாரத்துக்குள் 70 லட்சத்தைத் தாண்டியிருந்தன. எலும்பு மஜ்ஜை எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும் அந்தக் குறுகிய காலத்தில் அத்தனை புதிய அணுக்களைச் செய்துவிட முடியாது. அப்படியானால் அந்த எண் எங்கிருந்து வந்தது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடற்கரை ஊரில் இருக்கும் ஓர் ஆண், உடம்பில் 5 லிட்டர் ரத்தம், ஹெமட்டோகிரிட் 45. அதாவது சிவப்பணு 2.25 லிட்டர், பிளாஸ்மா 2.75 லிட்டர். அவர் சுமார் 4300 மீட்டர் உயரத்துக்குப் போகிறார். அங்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான் என்பதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது. முதல் சில நாட்களில் சிறுநீரகம் கூடுதலாக நீரை வெளியேற்றுகிறது. வறண்ட காற்றை வேகமாக மூச்சுவிடுவதிலும் நீர் போகிறது. பிளாஸ்மா 15 சதவீதம் குறைந்தால் சுமார் 2.35 லிட்டராகிவிடும். இப்போது ஹெமட்டோகிரிட் 49. ஒரே ஒரு சிவப்பணுகூடப் புதிதாக வரவில்லை!

உண்மையான உற்பத்திக்கான உத்தரவு இதற்குள் சிறுநீரகத்திலிருந்து கிளம்பியிருக்கும். அங்குள்ள சில செல்களில் 'ஹிஃப்' என்ற புரதம் ஓயாமல் உருவாகிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்வரை, அந்த ஆக்சிஜனையே பயன்படுத்தி நொதிகள் அதன்மேல் ஓர் அடையாளம் இடுகின்றன. அடையாளம் பட்ட புரதம் உடனே அழிக்கப்படுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் விழாது. பிழைத்துக்கொள்ளும் ஹிஃப் செல்லின் கருவுக்குள் போய் எரித்ரோபாய்ட்டின் சுரக்கும் மரபணுவை இயக்குகிறது. இந்த வழிமுறையைக் கண்டறிந்ததற்காகத்தான் கெய்லின், ராட்கிளிஃப், செமன்சா மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்தக் கண்காணிப்பு வேலை ஏன் சிறுநீரகத்திடம் இருக்கிறது? தசையில் வேலைக்கேற்ப ஆக்சிஜன் அளவு ஏறி இறங்கும். சிறுநீரகத்திலோ ரத்த ஓட்டம் குறைந்தால் வடிகட்டும் வேலையும் குறைகிறது, ஆக்சிஜன் தேவையும் கூடவே குறைகிறது. ஆகவே அங்கே ஆக்சிஜன் தட்டுப்பட்டால், பெரும்பாலும் ரத்தம் சுமந்து வரும் ஆக்சிஜனே குறைந்துவிட்டது என்று பொருள். இதைவிடப் பொருத்தமான இடம் உடம்பில் எனக்குத் தெரியவில்லை. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குச் சோகை வருவதற்கு முக்கியக் காரணமும், அவர்களுக்கு எரித்ரோபாய்ட்டின் ஊசி போடுவதும் இதனால்தான்.

மலையேறிய சில மணி நேரத்தில் இந்த ஹார்மோன் ரத்தத்தில் கூடுகிறது; ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்குகிறது. எலும்பு மஜ்ஜையின் உற்பத்தி கணிசமாகத் தெரிய வாரங்கள் ஆகும். நம் மனிதருக்கு அரை லிட்டர் சிவப்பணு கூட வேண்டுமென்றால் ஏறக்குறைய 500 மில்லிகிராம் இரும்பு வேண்டும். இரும்புச் சத்து குறைந்தவர் உடம்பில் உத்தரவு போகும், சரக்கு வராது.

இதனால் கிடைப்பது என்ன? கடல்மட்டத்தில் ஹீமோகுளோபின் 15 உள்ளவரின் 100 மில்லி ரத்தம் சுமார் 20 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கிறது. உயரத்தில் ஹீமோகுளோபினின் நிறைவு 85 சதவீதமாகக் குறைந்தால் 17 மில்லிதான். ஹீமோகுளோபின் 17.5 ஆனதும் மறுபடி 20 மில்லி. இழந்தது திரும்பிவிட்டது.

இத்தோடு நின்றால் நல்லது. சிலருக்கு நிற்பதில்லை. ரத்தத்தின் பிசுபிசுப்பு ஹெமட்டோகிரிட்டோடு சீராக ஏறுவதில்லை; ஓர் அளவுக்குமேல் கிடுகிடுவென ஏறுகிறது. சாதாரண ரத்தம் தண்ணீரைவிட 3, 4 மடங்கு கெட்டி. ஹெமட்டோகிரிட் 60, 70 என்று போனால் அது 10 மடங்குவரை ஆகலாம். நீராகாரமாக ஓட வேண்டியது கூழாகிவிட்டால் இதயம் தள்ளித்தான் பார்க்கும், ஓட்டம் தளர்ந்துவிடும். ஒவ்வொரு துளியிலும் ஆக்சிஜன் அதிகம், ஆனால் நிமிடத்துக்குப் போய்ச் சேரும் துளிகள் குறைவு. திசுக்கள் மறுபடி பட்டினி.

பெருவின் மருத்துவர் கார்லோஸ் மோன்ஹே 1925இல் விவரித்த நோய் இதுதான். அவர் பார்த்த நோயாளி செரோ டி பாஸ்கோ என்ற சுரங்க நகரவாசி. அந்த ஊரின் உயரம்தான் நம் கணக்கில் வந்த 4300 மீட்டர். மோன்ஹே நோய் வந்தவர்களுக்கு உதடும் நகமும் ஊதா நிறமாகும். தலைவலி, காதில் இரைச்சல், தூக்கமின்மை, மூச்சிரைப்பு, கைகால் எரிச்சல் இருக்கும். ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 21, பெண்களுக்கு 19 என்பது எல்லைக்கோடு. வயது ஏற ஏற, பெண்களில் மாதவிடாய் நின்றபின், ஆபத்து கூடுகிறது. தற்காலிகமாக ரத்தம் எடுத்துவிடுவார்கள். அசெட்டசோலமைடு மாத்திரையும் உதவும். முழு நிவாரணம் மலையை விட்டு இறங்குவதுதான். சுரங்கத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது எளிதில் எழுதிக் கொடுக்கக்கூடிய மருந்தல்ல.

அதே 4000 மீட்டரில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழும் திபெத்தியர்களின் ஹீமோகுளோபினோ பெரும்பாலும் கடற்கரை மனிதர்களின் அளவை ஒட்டியே இருக்கிறது. ஹிஃப் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரபணுவின் மாற்று வடிவம் அவர்களிடம் பரவலாக இருப்பதுதான் இதற்குக் காரணம். டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்திடமிருந்து அது வந்தது என்று 2014இல் காட்டினார்கள். ரத்தத்தைக் கெட்டியாக்காமல், கூடுதலாக மூச்சுவிட்டும் ரத்த ஓட்டத்தைப் பெருக்கியும் அவர்கள் சமாளிக்கிறார்கள். என் பார்வையில் மலைக்கு ஏற்ற உடம்பு இதுதான்.

சமவெளியில் இருக்கும் நமக்கும் இந்த எண் உயரலாம். நீர் வற்றியிருக்கலாம்; புகைபிடிப்பதால், தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறால், நுரையீரல் நோயால் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம்; மஜ்ஜையே உத்தரவில்லாமல் அணுக்களைப் பெருக்கும் நோயாகவும் இருக்கலாம். ஆண்களுக்கு ஹெமட்டோகிரிட் 49க்கு மேலும் பெண்களுக்கு 48க்கு மேலும் தொடர்ந்து இருந்தால், "ரத்தம் நிறைய ஊறியிருக்கு" என்று மகிழ்ந்து சீட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டிக் காரணம் கேளுங்கள்.