கெட்டிமேளம் கொட்டும்போது படம் ஏன் கரைகிறது?

போன ஆண்டு என் பெரியம்மா மகள் தன் பிள்ளையின் கல்யாண வீடியோவை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "தம்பி, மத்த இடமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தாலி கட்டுற நேரத்துல மட்டும் பாரு, அம்மா முகமே கரைஞ்சு போச்சு" என்றார்.

டிவியில் போட்டுப் பார்த்தோம். வரவேற்பில் வரிசையாக வந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் காட்சி பளிச்சென்று இருந்தது. முகூர்த்தம் வந்தது. கெட்டிமேளம் கொட்டியது, நூறு கைகள் ஒன்றாக அட்சதை தூவின, போட்டோகிராபர்களின் ஃபிளாஷ் அடுத்தடுத்து வெட்டியது. அந்த நான்கைந்து விநாடியில் பெரியம்மாவின் முகம் மெழுகு உருகியதுபோல வழவழப்பாகிவிட்டது. பட்டுப்புடவையின் சரிகைக் கோடுகள் ஒரே மஞ்சள் பூச்சாயின. அரிசி மணி ஒன்றுகூடத் தெரியவில்லை. மேளம் அடங்கி ஒரு விநாடி கழித்து எல்லாம் தெளிந்துவிட்டது.

கேமரா ஃபோகஸ் தவறிவிட்டது என்றுதான் அக்கா நினைத்திருந்தார். இங்கே ஒரு அடையாளம் சொல்லிவிடுகிறேன். ஃபோகஸ் தவறினால் முன்னால் மங்கும்போது பின்னால் ஏதோ ஒன்று கூர்மையாகும். கை வேகமாக ஆடியதால் வந்த மங்கல் என்றால் கை மட்டும் இழுபடும், அசையாத தூண் அப்படியே இருக்கும். எங்கள் வீடியோவில் மணவறைக்குப் பின்னால் அசையாமல் நின்ற பூ அலங்காரமும் சேர்ந்து கரைந்திருந்தது. அசையாத பொருள், அசையும் பொருளோடு சேர்ந்து கரைந்து, பிறகு சேர்ந்தே தெளிகிறது என்றால் கேமராமேன் மீது பிழையில்லை. வீடியோவை எக்ஸ்போர்ட் செய்தபோது பிட்ரேட் போதவில்லை.

பிட்ரேட் என்பது ஒரு விநாடிப் படத்தை எழுதிவைக்க எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறோம் என்ற கணக்கு. ஃபுல் எச்டி படம் ஒன்றில் ஏறக்குறைய 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள். விநாடிக்கு 25 படங்கள். எதையும் சுருக்காமல் அப்படியே எழுதினால் விநாடிக்குச் சுமார் 622 மெகாபிட் வேண்டும். அக்காவின் கோப்பை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தேன். விநாடிக்கு 3.5 மெகாபிட் என்று காட்டியது. அதாவது 178 பங்கில் ஒரு பங்கு. மிச்சம் 177 பங்கையும் விட்டுவிட்டுத்தான் அந்தப் படம் டிவிக்கு வந்திருக்கிறது.

இவ்வளவு சுருக்கியும் வரவேற்புக் காட்சி எப்படி நன்றாக இருந்தது? முந்திய படத்தில் இருந்ததையே அடுத்த படத்துக்கும் எடுத்துக்கொள்வதில்தான் எச்.264 போன்ற முறைகளின் சாமர்த்தியம் இருக்கிறது. என்கோடர் படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. இந்தக் கட்டம் முந்திய படத்தில் எங்கே இருந்தது என்று தேடுகிறது. கிடைத்துவிட்டால், "அங்கிருந்து இரண்டு புள்ளி வலப்பக்கம் நகர்ந்தது" என்று ஒரு வரிக் குறிப்போடு முடித்துக்கொள்கிறது. மேடையில் அசையாமல் நிற்கும் மாப்பிள்ளையும் பெண்ணும் அதற்கு மிக மலிவான காட்சி.

முகூர்த்த நேரத்தில் இது பலிக்காது. அட்சதையின் ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு திசையில் விழுகிறது. ஹோமப் புகைக்கு உருவமே கிடையாது. ஃபிளாஷ் வெட்டும் படத்தில் மண்டபமே வெளுத்துப்போகிறது, முந்திய படத்தின் எந்தக் கட்டத்தோடும் அது ஒத்துப்போகாது. ஆக எல்லாவற்றையும் ஏறக்குறைய புதிதாக எழுத வேண்டும். எழுதக் கொடுத்த இடமோ அதே 3.5 மெகாபிட்.

அப்போது என்கோடர் எண்களை முழுமையாக்கத் தொடங்குகிறது. ஒரு கட்டத்தை அது புள்ளி புள்ளியாக எழுதுவதில்லை. மொத்த வெளிச்சம் எவ்வளவு, மெதுவாக மாறும் நிழல் எவ்வளவு, நுணுக்கமான கோடுகள் எவ்வளவு என்று எண்களாக மாற்றிக்கொள்கிறது. பெரியம்மாவின் கன்னத்தில் ஒரு கட்டத்துக்கு 212, 47, 9, 5, 3 என்று எண்கள் வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் இரண்டும் வெளிச்சமும் நிழலும், கடைசி மூன்றும் சுருக்கங்களும் மயிரிழைகளும். இடம் தாராளமாக இருந்தால் இவற்றை 4-இன் மடங்குகளாக முழுமையாக்கினால் போதும். 212, 48, 8, 4, 4 என்று ஏறத்தாழ எல்லாமே மிஞ்சும். இடம் நெருக்கும்போது 40-இன் மடங்குகளாக்க வேண்டிவருகிறது. 200, 40, 0, 0, 0 ஆகிவிடும். நிறமும் உருண்டையும் நிற்கின்றன, நுணுக்கம் முழுவதும் பூஜ்ஜியம். மெழுகு முகம் இங்கேதான் பிறக்கிறது. சரிகைக் கோடும் அரிசி மணியும் அந்தக் கடைசி மூன்று எண்களுக்குள்தான் இருந்தன.

விசிடி காலத்தில் கல்யாண வீடியோ பார்த்தவர்களுக்கு இதே குறை கட்டம் கட்டமாகத் தெரிந்தது நினைவிருக்கும். எச்.264 அந்தக் கட்டங்களின் ஓரத்தைத் தானே இழைத்து மென்மையாக்கிவிடுகிறது. சதுரம் தெரியாமல் போனதால்தான் இன்று அதைப் பார்த்து ஃபோகஸ் பிழை என்று ஏமாறுகிறோம்.

3.5 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீடியோ இரண்டரை மணி நேரம், அதாவது 9,000 விநாடி. பென் டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருந்தது. அதில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 4 ஜிபி என்பது சுமார் 3,436 கோடி பிட். அதை 9,000-ஆல் வகுத்தால் விநாடிக்கு 3.8 மெகாபிட். ஒலிக்குக் கொஞ்சம் ஒதுக்கினால் 3.5 வந்துவிடுகிறது. கோப்பு பென் டிரைவில் ஏற வேண்டும் என்பதற்காகவே யாரோ அந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள்.

அக்கா ஸ்டுடியோவில் கேட்டிருக்கிறார். அவர்கள் மறுபடி எக்ஸ்போர்ட் செய்து, 20 மெகாபிட்டில் 22.5 ஜிபி கோப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். முகம் அதே மெழுகாகத்தான் இருந்தது. முதலில் கொடுத்த கரைந்த கோப்பையே எடுத்து அதிக பிட்ரேட்டில் மறுபடி எழுதியிருந்தார்கள். பூஜ்ஜியமாகிப் போன எண்களைத் திரும்ப வரவழைக்க எந்த பிட்ரேட்டாலும் ஆகாது. கரைசலைத்தான் ஆறு மடங்கு இடத்தில் பத்திரமாக வைத்திருந்தார்கள். உண்மையில் ஒவ்வொரு முறை மறுபடி எழுதும்போதும் இன்னொரு முறை எண்கள் முழுமையாக்கப்படுகின்றன, கொஞ்சம் கூடுதலாகவே தேய்கிறது.

எனவே மறு எக்ஸ்போர்ட்டில் முதல் வேலை மூலக் கோப்பைத் தேடுவது. எங்கள் அதிர்ஷ்டம், கேமரா பதிவும் எடிட்டிங் புராஜெக்டும் அவர்களுடைய ஹார்ட் டிஸ்கில் அழியாமல் இருந்தன. கேமரா 50 மெகாபிட்டில் பதிந்திருந்தது. அதில் அரிசி மணிகள் தனித்தனியாகத் தெரிந்தன.

அடுத்தது, எவ்வளவு பிட்ரேட் கொடுப்பது. யூடியூப் தன் பயனர்களுக்கு ஃபுல் எச்டி, 25 அல்லது 30 பிரேம் வீடியோவுக்கு 8 மெகாபிட்டைப் பரிந்துரைக்கிறது. கல்யாணத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூட்டியே வைக்கலாம் என்பது என் கருத்து. நாங்கள் 10 வைத்தோம். எல்லா விநாடிக்கும் ஒரே அளவு கொடுக்காமல், பிரீமியர் புரோவில் `VBR, 2 pass` என்பதைத் தேர்ந்தோம். முதல் சுற்றில் மென்பொருள் முழு வீடியோவையும் பார்த்து எங்கே கடினம், எங்கே எளிது என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் சுற்றில் வரவேற்பு வரிசையில் மிச்சம் பிடித்து முகூர்த்தத்தில் செலவழிக்கும். `Target Bitrate` 10, `Maximum Bitrate` 20. சராசரி 10-இல் நிற்கும், தேவைப்பட்ட இடத்தில் 20 வரை ஏறும். கிராபிக்ஸ் கார்டு வழி எக்ஸ்போர்ட்டை நிறுத்திவைத்தால்தான் இந்த இரண்டு சுற்று வசதி கிடைக்கும். நேரம் அதிகம் பிடிக்கும். பரவாயில்லை, ஒரு ராத்திரி ஓடட்டும்.

கோப்பின் அளவு இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. பிட்ரேட்டைச் சொல்லாமல் தரத்தைச் சொல்லி, எவ்வளவு இடம் வேண்டுமோ எடுத்துக்கொள் என்று விட்டுவிடலாம். ஹேண்ட்பிரேக்கில் `Constant Quality` என்று இருப்பது இதுதான். எண் குறையக் குறையத் தரம் கூடும். 23 சாதாரணம். 18 வைத்தால் மூலத்துக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். ஆறு எண் குறைத்தால் கோப்பு ஏறக்குறைய இரு மடங்காகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எஃப்எஃப்எம்பெக் பயன்படுத்துபவர்களுக்கு அதே அமைப்பு இது:

```
ffmpeg -i master.mov -c:v libx264 -crf 18 -preset slow -pix_fmt yuv420p -c:a aac -b:a 192k out.mp4
```

இதில் `slow` என்பதை விட்டுவிடாதீர்கள். முந்திய படங்களில் ஒத்த கட்டத்தை நிதானமாகத் தேட அது என்கோடருக்கு நேரம் கொடுக்கிறது. நல்ல பொருத்தம் கிடைத்தால் ஏறக்குறைய அதே தரம் குறைந்த இடத்தில் அடங்கும். வீடியோவின் ஒரு பகுதியை வெட்டி எடுக்க மட்டும் வேண்டுமென்றால் மறுபடி எழுதவே வேண்டாம், `-c copy` போட்டால் பிட் மாறாமல் நகலாகும். முழுப் படத்தையும் தனித்து எழுதிவைத்த கீபிரேமில்தான் துவங்க முடியும் என்பதால் வெட்டும் இடம் சற்று முன்பின் ஆகலாம்.

அளவைக் கூட்டவே முடியாத நிலையும் வரும். அப்போது ஃபுல் எச்டியைப் பிடிவாதமாக வைத்துக்கொண்டு கரைப்பதைவிட 720-க்கு இறக்குவது மேல். புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைவதால் ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைக்கும் பங்கு இரட்டிப்புக்கு மேல் ஆகிறது. சற்று மென்மையான படம் கிடைக்கும், மெழுகு முகம் குறையும்.

சோதனை ஓட்டம் ஒன்று பார்த்தோம். பலரும் வீடியோவின் முதல் இரண்டு நிமிடத்தை எக்ஸ்போர்ட் செய்து பார்த்துத் திருப்தியடைகிறார்கள். அங்கே அசையாத பிள்ளையாரும் பெயர் எழுத்தும்தான் இருக்கும், 2 மெகாபிட்டிலும் அது அழகாகவே வரும். நாங்கள் தாலி கட்டும் இரண்டு நிமிடத்தை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து, விஎல்சியில் `E` விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு படமாக நகர்த்தினோம். ஃபிளாஷ் வெட்டிய பிரேமுக்கு அடுத்த பிரேமில் சரிகை நிற்கிறதா என்பதுதான் பரீட்சை. நின்றது.

10 மெகாபிட்டில் மொத்தம் 11.25 ஜிபி வந்தது. நிச்சயதார்த்தம், முகூர்த்தம், வரவேற்பு என்று மூன்று கோப்புகளாகப் பிரித்ததில் ஒவ்வொன்றும் 4 ஜிபிக்குள் அடங்கி அதே டிவியில் ஓடியது. பெரியம்மா கையிலிருந்து அட்சதை விழுவதை அக்கா மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தார். வெளியூரில் இருக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப் போனபோது, முகூர்த்தத் துண்டை மட்டும் டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன். வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிக் கரைத்துவிடும்.

உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவிலும் முகூர்த்தக் காட்சியை ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள். கரைந்திருந்தால் ஸ்டுடியோவுக்கு இன்றே போன் செய்து, கேமரா பதிவிலிருந்து எக்ஸ்போர்ட் செய்து தரச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டால் பழைய பதிவுகளைத்தான் முதலில் அழிப்பார்கள்.