காலை டூட்டி மட்டும் கேட்ட சிஸ்டருக்கு ஒரு பதில்

ஒரு தனியார் மருத்துவமனை. பொது வார்டு ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர், இனித் தனக்குக் காலை டூட்டி மட்டும் போடச் சொல்லி மனு கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி மாலையில் டயாலிசிஸ். கூட இருக்க வேறு ஆளில்லை. நர்சிங் சூப்பரின்டென்டன்ட் பதில் எழுத வேண்டும்.

‘நிர்வாகக் காரணங்களால் இயலாது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. வாங்கிப் படிக்கிறவருக்கு அது ‘கொடுக்க மனமில்லை’ என்றுதான் படும். ரோஸ்டர் கணக்கைச் சொல்லிவிடுவது மேல்.

அந்த வார்டில் 12 பேர். இரவுக்கு 3 பேர் வீதம் 30 நாளைக்கு 90 நைட் டூட்டி. எல்லோரும் பகிர்ந்தால் ஆளுக்கு ஏழோ எட்டோ வரும். ஆனால் 3 பேருக்கு ஏற்கெனவே இரவு விலக்கு இருப்பதால் மற்ற 9 பேரும் தலா 10 இரவு பார்க்கிறார்கள். இவரும் விலகினால் மிச்சமிருக்கும் 8 பேருக்கு 11, சிலருக்கு 12 ஆகிவிடும். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் போதும், இரவு முழுக்க நின்றவரையே ‘மதியம் வரை இருங்கள்’ என்று கெஞ்ச வேண்டியிருக்கும். மருந்தில் கைதவறுவது அப்படிப்பட்ட நேரத்தில்தான்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

“அன்புள்ள சிஸ்டர், உங்கள் மனுவைப் படித்தேன். நிரந்தரமாகக் காலை டூட்டி தர இப்போது வழியில்லை. தந்தால் மற்றவர்களின் நைட் டூட்டி மாதம் 10-லிருந்து 11, 12 என்று ஏறிவிடும். ஆனால் திங்கள், புதன், வெள்ளியில் உங்களுக்கு மாலை டூட்டி போடமாட்டேன். அடுத்த மாதத்திலிருந்து மூன்று மாதம் இப்படிப் பார்ப்போம். ஓ.பி.யில் இடம் காலியானால், விருப்பமிருந்தால் எழுதிக் கொடுங்கள். அங்கே நைட் கிடையாது.”

மறுப்பு இரண்டாம் வரியிலேயே வந்துவிடுகிறது. ‘பிறகு பார்க்கலாம்’ என்று இழுத்தால், அந்த சிஸ்டர் வீட்டில் வேறு ஏற்பாடு செய்யாமல் காத்திருப்பார். விலக்கு வாங்கிய மூவர் யார், எதற்காக என்பதும் கடிதத்தில் இல்லை. ஒருவருடைய கர்ப்பமோ முதுகுவலியோ இன்னொருவருக்கு வரும் கடிதத்தில் ஏறக்கூடாது. மனுவில் கேட்டது காலை டூட்டி என்றாலும் வீட்டுக்கு வேண்டியது அந்த மூன்று மாலைகள்தான். சூப்பரின்டென்டன்ட் அதைப் பிடித்துக்கொண்டதால்தான் மாற்று வழி கிடைத்தது. இதுவே சர்க்கரை நோய்க்காக டாக்டர் நைட் வேண்டாமென்று எழுதிக் கொடுத்த கேஸாக இருந்தால் இந்தப் பதில் உதவாது.

டூட்டி மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதினால், எதை மாற்றக்கூடாது என்பதையும் எழுத வேண்டும். நைட் முடித்தவர் அன்று காலையே யாருக்காகவும் நிற்கக் கூடாது. மாற்றிக்கொள்ளும் இருவரும் முந்தின நாளே ரோஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். வாய்ப்பேச்சில் மாற்றிக்கொண்டு, கடைசியில் இருவருமே வராமல் போன இரவுகள் வார்டுக்குப் புதிதல்ல.