படத்தைக் காட்டாமலே படத்தைத் தடுக்கலாம்

2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞர் மனுதாரராக சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். அவருடைய அந்தரங்கக் காட்சிகள் அவர் சம்மதமில்லாமல் இணையத்தில் பரவிக்கொண்டிருந்தன. 48 மணி நேரத்துக்குள் அவற்றை நீக்க நடவடிக்கை எடுக்குமாறு மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். அதன்பிறகும் அவை வேறு வேறு முகவரிகளில் தலைகாட்டின. ஒரு பக்கம் நீக்க நீக்க, மறுபக்கம் முளைத்துக்கொண்டே இருந்தால் பாதிக்கப்பட்டவர் என்னதான் செய்வார் என்ற கேள்வி நீதிமன்றத்தின் முன் நின்றது.

இந்தத் துயரத்தின் வேர் ஓர் எளிய உண்மையில் இருக்கிறது. நாம் புகார் கொடுத்ததும் ஒரு தளம் நீக்குவது, அந்த ஒரு முகவரியில் இருக்கும் ஒரு பிரதியை மட்டுமே. படம் இன்னொருவரின் போனில் அப்படியே கிடக்கிறது. அவர் அதைப் புதிய கணக்கிலிருந்து மறுபடி ஏற்றினால், தளத்தின் கணினிக்கு அது முன்பின் பார்த்திராத புதுப் படம். அதனால் பாதிக்கப்பட்டவரே தினமும் தேடி, தன் படத்தைத் தானே பார்த்து, மறுபடி முதலிலிருந்து புகார் எழுத வேண்டியிருக்கிறது. 2023-ல் இதே போன்ற ஒரு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும், பாதிக்கப்பட்ட பெண்ணை இப்படி மீண்டும் மீண்டும் அலையவிடக் கூடாது என்று சொன்னது.

ஒருமுறை நீக்கிய படத்தைத் தளம் நினைவில் வைத்துக்கொண்டால் இந்த அலைச்சல் குறையும். ஆனால் நினைவில் வைப்பதற்காக அந்தப் படத்தையே சேமித்துவைத்தால், அதுவே இன்னொரு கசிவுக்கு வழி. இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடைதான் ஹேஷ் பட்டியல்.

படத்துக்கு ஒரு கைரேகை

ஹேஷ் என்பது ஒரு கோப்பிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கும் குறுகிய எண். கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எண்ணின் நீளம் மாறாது. பழைய முறைகளில் ஒன்றான எம்டி5, ஒரு சொல்லின் முதல் எழுத்தைச் சின்னதாக்கினால்கூட என்ன செய்கிறது என்று பாருங்கள்:

```
Hello  8b1a9953c4611296a827abf8c47804d7
hello  5d41402abc4b2a76b9719d911017c592
```

இரண்டு எண்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு கோப்பு துளியும் மாறவில்லை என்று உறுதிசெய்ய இந்தக் குணம் அருமையானது. படங்களைத் தடுக்க இது போதாது. ஒரு படத்தை மெசேஜில் அனுப்பும்போதே செயலி அதைச் சுருக்கிவிடுகிறது. கண்ணுக்கு அதே படம்தான், ஆனால் கோப்பு வேறு, ஆகவே எண்ணும் வேறு.

அதனால் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் படங்களுக்கு ஏறக்குறைய ஒரே எண்ணைத் தரும் ஹேஷ் முறைகள் தேவைப்பட்டன. மைக்ரோசாஃப்டும் பேராசிரியர் ஹேனி ஃபரீதும் சேர்ந்து 2009-ல் உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ, குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்களைப் பிடிக்க வந்தது. 2019-ல் ஃபேஸ்புக் பிடிக்யூ என்ற முறையை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வெளியிட்டது.

பிடிக்யூ முதலில் படத்தின் நிறங்களை விலக்கிவிட்டு வெளிச்சத்தையும் இருளையும் மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதை 64-க்கு 64 புள்ளிகள் கொண்ட சின்னச் சதுரமாகச் சுருக்குகிறது. அந்தச் சதுரத்தில் வெளிச்சமும் இருளும் பெரும்போக்காக எப்படி ஏறி இறங்குகின்றன என்பதை 256 அளவுகளாகக் கணக்கிடுகிறது. கடைசியில் அந்த 256 அளவுகளுக்கும் நடு அளவு எது என்று பார்த்து, அதற்கு மேலிருப்பவற்றுக்கு 1, மற்றவற்றுக்கு 0 என்று எழுதிவிடுகிறது. இந்த 256 இலக்க வரிசைதான் படத்தின் கைரேகை.

ஒரு படத்தின் பயணம்

ஒரு பெண்ணின் படத்தை அவருடைய முன்னாள் காதலன் பரப்பப் போவதாக மிரட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவர் அந்தப் படத்தின் ஹேஷைப் பட்டியலில் சேர்த்துவிட்டார். அவன் படத்தைச் சுருக்கி, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி ஒரு தளத்தில் ஏற்றுகிறான். தளம் அதற்கும் ஹேஷ் எடுத்து, இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எத்தனை இடங்களில் வேறுபடுகின்றன என்று எண்ணுகிறது. 12 இடங்களில்தான் வேறுபாடு என்றால் இது அதே படம். சம்பந்தமே இல்லாத இரண்டு படங்களை ஒப்பிட்டால், காசு சுண்டியது போல, சராசரியாகப் பாதி இடங்களில், அதாவது 128 இடங்களில் வேறுபாடு வரும். பிடிக்யூவை வெளியிட்டவர்கள் பரிந்துரைக்கும் எல்லை 31. அதற்குள் இருந்தால் பொருத்தம், தாண்டினால் வேறு படம்.

இப்போது அவன் படத்தில் பாதியை வெட்டியெறிந்துவிட்டு ஏற்றுகிறான். வெளிச்சமும் இருளும் இடம் மாறிவிட்டதால் வேறுபாடு 90-க்குப் போய்விடலாம். படம் காவலைத் தாண்டிவிடும். நன்றாகச் சாய்த்தாலும், பெரிய எழுத்துகளை மேலே ஒட்டினாலும் இதே கதிதான். எல்லையை 31-லிருந்து உயர்த்தி இவற்றையும் பிடிக்கப் பார்த்தால், சம்பந்தமில்லாதவர்களின் படங்கள் மாட்டத் தொடங்கும். வெறும் சுவர், வானம் போல விவரமே இல்லாத படங்களுக்கு எடுக்கும் ஹேஷை நம்பவே முடியாது. அதனால் பிடிக்யூ ஒவ்வொரு ஹேஷுடனும் 0 முதல் 100 வரை ஒரு தர மதிப்பெண் தருகிறது. மதிப்பெண் குறைந்த ஹேஷ்களை ஒதுக்கிவிட வேண்டும்.

யார் பார்ப்பது?

தனியுரிமைக் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. ஹேஷ் எடுக்கும் வேலையை யார் செய்வது? 2017-ல் ஃபேஸ்புக் ஆஸ்திரேலியாவில் நடத்திய சோதனையில், பயந்திருப்பவர்கள் தங்கள் படத்தை மெசஞ்சரில் தங்களுக்கே அனுப்ப வேண்டும் என்றார்கள். பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் அதைப் பார்த்து, ஹேஷ் எடுத்துப் பதிவார். யாரும் பார்க்கக் கூடாது என்று துடிக்கும் ஒருவரிடம், முன்பின் தெரியாத ஒருவருக்குக் காட்டு என்று சொன்னால் எப்படி? அந்தத் திட்டத்துக்குக் கடும் எதிர்ப்பு வந்தது.

2021 டிசம்பரில் பிரிட்டனின் ரிவெஞ்ச் போர்ன் ஹெல்ப்லைன், மெட்டாவுடன் சேர்ந்து StopNCII.org தளத்தைத் தொடங்கியது. இங்கே பாதிக்கப்பட்டவர் தன் போனில் இருக்கும் படத்தைத் தேர்ந்தெடுக்கிறார். ஹேஷ் அந்தப் போனிலேயே உருவாகிறது. படம் போனை விட்டு நகர்வதில்லை, எண் மட்டும் போகிறது. அவருக்கு ஒரு வழக்கு எண்ணும் ஒரு பின் எண்ணும் தருகிறார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெடிட் முதலிய தளங்கள் இந்தப் பட்டியலை எடுத்து, தங்களிடம் வரும் படங்களோடு ஒப்பிடுகின்றன.

யாரும் படத்தைப் பார்க்கவில்லை என்பது இதன் பெரிய பலம். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. பட்டியலில் சேரும் எண் உண்மையில் அந்தரங்கப் படத்தினுடையதா, ஓர் ஊழல் ஆதாரத்தினுடையதா என்று பட்டியலை நடத்துபவர்களுக்கே தெரியாது. ஓர் அரசியல்வாதி தனக்குப் பிடிக்காத செய்திப் படத்தின் ஹேஷைச் சேர்க்க முடியாதா? அதனால்தான் பொருத்தம் கிடைத்த பிறகு, ஏற்றப்பட்ட படம் உண்மையிலேயே தன் விதிகளை மீறுகிறதா என்று தளம் சரிபார்க்க வேண்டும். இந்தச் சரிபார்ப்பைச் செலவு மிச்சம் என்று கைவிடும் தளத்தில், ஹேஷ் பட்டியல் யாருடைய வாயையும் மூடும் கருவியாகிவிடும்.

ஹேஷிலிருந்து படத்தை மீட்டெடுக்க முடியுமா என்ற அச்சம் பலருக்கு உண்டு. 256 இலக்கங்களில் ஒரு முகத்தின் விவரங்கள் அடங்காது. இருந்தாலும், ஃபோட்டோடிஎன்ஏ ஹேஷிலிருந்து இயந்திரக் கற்றல் மூலம் மங்கலான சிறு உருவத்தை மீட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே இந்தப் பட்டியல், ஊருக்கு வெளியிட வேண்டிய அறிவிப்பைப் போன்றதல்ல. பூட்டிவைக்க வேண்டிய ஆவணம்.

எங்கே நிறுத்துவது?

பொதுவில் ஏற்றும் படத்தைத் தளத்தின் வாசலில் சோதிப்பது ஒன்று. மக்களின் போனுக்குள் நுழைந்து சோதிப்பது வேறொன்று. 2021 ஆகஸ்டில் ஆப்பிள் நிறுவனம், ஐகிளவுடுக்குப் போகும் படங்களை ஐபோனிலேயே குழந்தைக் கொடுமைப் படப் பட்டியலோடு ஒப்பிடப் போவதாக அறிவித்தது. ஏறக்குறைய 30 பொருத்தங்கள் சேர்ந்தால்தான் மனிதர் பார்ப்பார் என்றும் சொன்னது. சில வாரங்களிலேயே, வேறு வேறு படங்களுக்கு ஒரே ஹேஷ் வரச் செய்ய முடியும் என்று வெளியாட்கள் காட்டிவிட்டார்கள். இன்று ஒரு பட்டியல், நாளை ஓர் அரசு கேட்கும் இன்னொரு பட்டியல் என்ற அச்சமும் எழுந்தது. 2022 டிசம்பரில் ஆப்பிள் திட்டத்தைக் கைவிட்டது.

இதே காரணத்தால், முழுமையாகக் குறியாக்கம் செய்யப்பட்ட வாட்ஸ்அப் உரையாடலுக்குள் இந்தப் பட்டியல்கள் எட்டுவதில்லை. அது ஒரு பெரிய ஓட்டைதான். அதை அடைப்பதற்காக ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் ஒரு காவலரை வைப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. பொது வாசலில் காவல், அந்தரங்க அறையில் தடை. இந்தக் கோடு தெளிவாக இருந்தால்தான் மக்கள் பட்டியலை நம்புவார்கள்.

சென்னை வழக்கின் தொடர்ச்சியாக, 2025 நவம்பரில் மத்திய அமைச்சகம் ஒரு நடைமுறையை வெளியிட்டது. அதன்படி, இத்தகைய படங்களுக்கான பாதுகாப்பான ஹேஷ் வங்கியைப் பராமரிக்கும் பொறுப்பு இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையத்துக்கு. அந்த வங்கியில் எண் எப்படிச் சேர்கிறது, தவறாகச் சேர்ந்ததை யார் நீக்குவது, வேறு வகைப் படங்கள் அதில் நுழையாமல் எது தடுக்கிறது என்பவற்றை நாம் தொடர்ந்து கேட்க வேண்டும்.

உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ இப்படி ஒரு மிரட்டல் வந்தால், பதற்றத்தில் படத்தை அழித்துவிடாதீர்கள். படம் கையில் இருந்தால்தான் ஹேஷ் எடுக்க முடியும். 18 வயது நிரம்பியவர்களுக்கு StopNCII.org இருக்கிறது. படம் எடுத்தபோது 18 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு அமெரிக்காவின் காணாமற்போன குழந்தைகள் மையம் நடத்தும் Take It Down இருக்கிறது. கூடவே cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதியுங்கள். வழக்கு எண்ணையும் பின் எண்ணையும் பத்திரமாக எழுதி வையுங்கள். அவை தொலைந்தால் மீட்டுத் தர யாராலும் முடியாது, ஏனென்றால் நீங்கள் யார் என்றே அவர்களுக்குத் தெரியாது.