வெயிலை அளந்தால்தான் சூரிய அடுப்பு

அறிவியல் கண்காட்சிக்கு அட்டைப்பெட்டியில் சூரிய அடுப்பு செய்யும் மாணவர்கள் ஏராளம். நடுவர் முதலில் கேட்பது, "இதன் திறன் எத்தனை சதவீதம்?" அதற்குப் பதில் சொல்லத் தண்ணீர், தெர்மாமீட்டர், சின்ன சோலார் பேனல், மல்டிமீட்டர் இருந்தால் போதும்.

உள்ளே கறுப்பு பூசிய பெட்டி, இரு அட்டைச் சுவர்களுக்கு நடுவே உமி, மேலே முப்பது சென்டிமீட்டர் சதுரக் கண்ணாடி. தெர்மாகோல் சூட்டில் சுருங்கிவிடும், உமியே நல்லது. கறுப்புப் பாத்திரத்தில் அரை லிட்டர் தண்ணீர் வைத்து மூடுங்கள். மூடாவிட்டால் ஆவி கண்ணாடியில் படிந்து வெளிச்சத்தை மறைக்கும்.

வெயிலை எப்படி அளப்பது? பலரும் இங்கேதான் ஒரு எண்ணை ஊகித்துப் போட்டுவிடுகிறார்கள். பேனலின் இரு முனைகளையும் மல்டிமீட்டரின் ஆம்பியர் அளவீட்டில் நேராக இணைத்தால் வரும் மின்னோட்டம், விழும் வெயிலுக்கு ஏற்ப ஏறி இறங்கும். பேனலின் பின்புறம் அச்சிட்டிருக்கும் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம், சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயிலுக்கானது. அது 0.60 ஆம்பியர், உங்கள் அளவு 0.48 என்றால் வெயில் 800 வாட். பேனலும் கண்ணாடியைப் போலவே படுக்கையாக இருக்க வேண்டும்.

அரை மணியில் தண்ணீர் 35 டிகிரியிலிருந்து 53-க்கு ஏறியதாகக் கொள்வோம்.

தண்ணீர் பெற்றது: 0.5 × 4200 × 18 = 37,800 ஜூல்
கண்ணாடியில் விழுந்தது: 800 × 0.09 × 1800 = 1,29,600 ஜூல்

திறன் 29 சதவீதம். அடுத்த அரை மணியில், அதே வெயிலில், 53-லிருந்து 63-க்குத்தான் ஏறியது என்றால் திறன் 16 சதவீதம். அடுப்பு கெடவில்லை, உள்ளே சூடு ஏற ஏற வெளியே கசியும் வெப்பமும் கூடுகிறது. ஆகவே திறனைச் சொல்லும்போது எந்த வெப்பநிலையிலிருந்து எதுவரை என்பதையும் சொல்ல வேண்டும். பளபளப்புத் தாள் ஒட்டிய மூடியைச் சோதனையின்போது கழற்றிவிடுங்கள். அது கூடுதல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்; கணக்கிலோ கண்ணாடிப் பரப்பு மட்டும் நிற்பதால் திறன் பொய்யாக உயரும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை, ஒரே அளவுப் பெட்டிகள் இரண்டை அருகருகே வைப்பது. ஒன்றுக்கு ஒற்றைக் கண்ணாடி, மற்றதற்கு இடைவெளி விட்டு இரட்டைக் கண்ணாடி. இரண்டாவது கண்ணாடி கொஞ்சம் வெளிச்சத்தைத் தடுப்பதால் இரட்டைக் கண்ணாடிப் பெட்டி தொடக்கத்தில் பின்தங்கலாம். சூடு ஏறியபின் வெப்பத்தைப் பிடித்துவைத்து அது முந்தும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தால், இரு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும் இடம் வரைபடத்தில் தெரியும்.

கண்காட்சி அரங்கில் வெயில் இருக்காது. குண்டு பல்பைப் பிடித்துக் காட்டுவதில் பயனில்லை. அதன் ஒளிக்கலவை வேறு, பேனல் சொல்லும் கணக்கும் தவறிவிடும். முந்தைய நாட்களில் வெயிலில் எடுத்த வரைபடத்தையும் குறிப்பேட்டையும் அடுப்பின் பக்கத்தில் வையுங்கள்.