24 மணி நேரத்துக்கு முன் என்றால் எதுவரை?

பேருந்து டிக்கெட் முன்பதிவுக்கு ஒரு செயலி தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். அது என்னென்ன செய்ய வேண்டும் என்பதை நிர்வாகத் தரப்பு முப்பது, நாற்பது ஸ்லைடுகளில் தொகுத்துத் தருகிறது. புரோகிராம் எழுதுபவர்களுக்கும் அதைச் சோதிக்கும் டெஸ்டருக்கும் அந்த ஸ்லைடுகள்தான் ஆதாரம். டிக்கெட் ரத்து பற்றிய ஸ்லைடில் மூன்று வரிகள் இருக்கின்றன:

பயணத்துக்கு 24 மணி நேரம் முன்பு வரை ரத்து செய்தால் 10% பிடித்தம். 24 மணி முதல் 4 மணி நேரம் வரை 50% பிடித்தம். 4 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் பணம் கிடையாது.

கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டும்போது எல்லோரும் தலையசைப்பார்கள். எவருக்கும் சந்தேகம் வராது. டெஸ்டர் உட்கார்ந்து இதை டெஸ்ட் கேஸ்களாகப் பிரித்து எழுதத் தொடங்கும்போதுதான் ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

டெஸ்ட் கேஸ் ஒன்றுக்கு மூன்று பகுதிகள் வேண்டும்: தொடங்கும்போது இருக்கும் நிலை, செய்யும் செயல், எதிர்பார்க்கும் முடிவு. முதல் இரண்டையும் யாரும் எழுதிவிடலாம். சிக்கல் மூன்றாவதில்தான். ‘தொகை சரியாகத் திரும்ப வேண்டும்’ என்று எழுதினால் அது முடிவு ஆகாது. எவ்வளவு ரூபாய் என்று எழுத வேண்டும். அந்த இருக்கை மீண்டும் விற்பனைக்கு வந்ததா, ரத்து பொத்தானை இரண்டு முறை அழுத்தினாலும் பணம் ஒரு முறைதான் திரும்பியதா என்பதும் அதில் சேரும்.

ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். கட்டணம் 850 ரூபாய். கிளாம்பாக்கத்திலிருந்து மதுரைக்கு 15-ம் தேதி இரவு 9:30 மணிக்குப் பேருந்து கிளம்புகிறது. 10% பிடித்தால் 765 ரூபாய் திரும்ப வேண்டும். 50% பிடித்தால் 425 ரூபாய். ஸ்லைடின் விதி காலத்தை மூன்று பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பட்டையின் நடுவிலிருந்தும் ஒரு நேரம் போதும். ஒரே பட்டைக்குள் இருக்கும் எல்லா நேரங்களையும் புரோகிராம் ஒரே மாதிரிதான் கையாளும் என்று கொள்ளலாம். பிழைகள் பெரும்பாலும் ஒளிந்திருப்பது பட்டைகள் சந்திக்கும் விளிம்பில். அதனால் ஒவ்வொரு விளிம்புக்கும் மூன்று நேரங்கள் வேண்டும்: ஒரு நொடி முன், சரியாக அந்த நொடி, ஒரு நொடி பின்.

| ரத்து செய்யும் நேரம் | திரும்ப வேண்டிய தொகை |
|---|---|
| 14, பிற்பகல் 3:30 | ₹765 |
| 14, இரவு 9:29:59 | ₹765 |
| 14, இரவு 9:30:00 | ? |
| 14, இரவு 9:30:01 | ₹425 |
| 15, காலை 11:30 | ₹425 |
| 15, மாலை 5:29:59 | ₹425 |
| 15, மாலை 5:30:00 | ₹425 |
| 15, மாலை 5:30:01 | ₹0 |
| 15, இரவு 7:30 | ₹0 |
| 15, இரவு 9:31 | ? |

இரண்டு இடங்களில் கேள்விக்குறி நிற்கிறது. சரியாக 24 மணி நேரம் இருக்கும்போது முதல் வரியும் பொருந்துகிறது, இரண்டாவது வரியும் பொருந்துகிறது. பேருந்து கிளம்பிய பிறகு என்ன என்பதைப் பற்றி ஸ்லைடு எதுவும் சொல்லவில்லை. வண்டி தாமதமாகி 10 மணி வரை நிலையத்துக்கே வரவில்லை என்றால், காத்திருக்கும் பயணி ரத்து செய்ய முடியுமா? இந்தக் கட்டங்களை டெஸ்டர் தன் ஊகத்தால் நிரப்பக் கூடாது. கேள்விக்குறியோடு விட்டு, விதியை வகுத்தவரிடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

‘பயணத்துக்கு’ என்ற சொல்லும் விளக்கம் கேட்கிறது. பேருந்து கிளாம்பாக்கத்தில் புறப்படும் நேரமா, பயணி ஏறும் நேரமா? விழுப்புரத்தில் ஏறுபவருக்கு அதே வண்டி நள்ளிரவு தாண்டி 12:15-க்கு வருகிறது என்றால், அவருடைய தேதி 16 ஆகிவிடுகிறது. அவர் 14-ம் தேதி இரவு 11 மணிக்கு ரத்து செய்தால், அவர் கணக்கில் இன்னும் 25 மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. செயலியின் கணக்கில் 24-க்கும் குறைவு. 340 ரூபாய் யார் பக்கம் போகும் என்பதை இந்த ஒரு சொல் முடிவு செய்கிறது. பயணி ரத்து செய்த நேரம் எந்தக் கடிகாரப்படி என்பதும் அப்படியே. கைபேசியின் நேரத்தை யாரும் மாற்றி வைக்கலாம். அதனால் சர்வரின் நேரமே கணக்கு என்று ஸ்லைடில் எழுதிவிடுவது நல்லது.

இனி, விளிம்பு நேரங்கள் எப்படிப் பிழையைப் பிடிக்கின்றன என்று பார்ப்போம். புரோகிராம் எழுதியவர் மீதி நேரத்தை முழு மணிகளாக மட்டும் எடுத்துக்கொண்டு இப்படி எழுதியிருக்கலாம்:

```
hours = minutes_left // 60
if hours > 24:
    cut = 10
elif hours >= 4:
    cut = 50
else:
    cut = 100
```

`//` என்பது வகுத்து வரும் மீதியைத் தள்ளிவிடும். 24 மணி 30 நிமிடம் இருந்தால் `hours` வெறும் 24 ஆகிறது; அது 24-ஐ விடப் பெரிதல்ல என்பதால் பிடித்தம் 50% ஆகிறது. அதாவது 24 மணிக்கும் 25 மணிக்கும் இடையில் ரத்து செய்கிற அத்தனை பேரும் 340 ரூபாய் இழப்பார்கள். 30 மணி, 10 மணி, 2 மணி என்று பட்டைகளின் நடுவில் மட்டும் சோதித்தால் மூன்றுமே சரியான விடை தரும். பிழை வெளியே வராது. 14-ம் தேதி இரவு 9:29:59 என்ற ஒரு வரிதான் 765 வர வேண்டிய இடத்தில் 425 வருவதைக் காட்டும்.

இதைக் காட்ட வேண்டுமானால் 765 என்ற எண் சோதனைக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். எதிர்பார்க்கும் விடையை முன்கூட்டியே வரையறுப்பது சோதனையின் இன்றியமையாத பகுதி என்று 1979-ல் வெளியான ‘தி ஆர்ட் ஆஃப் சாஃப்ட்வேர் டெஸ்டிங்’ நூலில் கிளென்ஃபோர்ட் மையர்ஸ் வலியுறுத்தினார். முன்கூட்டி எழுதாவிட்டால், நம்பும்படி இருக்கும் எந்த விடையும் கண்ணுக்குச் சரியாகவே தெரியும். வேலை நெருக்கடியில் பல குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: செயலியை ஓட்டிப் பார்த்து, திரையில் வந்த எண்ணையே ‘எதிர்பார்க்கும் முடிவு’ கட்டத்தில் நிரப்புகிறார்கள். அப்படிப்பட்ட டெஸ்ட் கேஸ் எல்லாமே தேறிவிடும். அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஏதாவது ஒரு எண்ணைச் சுட்டி, ‘இது எந்த ஸ்லைடிலிருந்து வந்தது?’ என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது திரையிலிருந்து வந்த எண்.

அதற்காகவே ஒவ்வொரு டெஸ்ட் கேஸின் பக்கத்திலும் ஸ்லைடு எண்ணையும் அதன் பதிப்பையும் குறித்து வைக்க வேண்டும். நாளை 24 மணி 12 ஆக மாறினால் எந்தெந்த வரிகளைத் திருத்த வேண்டும் என்பது உடனே தெரியும். டெஸ்ட் கேஸே இல்லாத ஸ்லைடும் கண்ணில் படும். ‘பணம் உடனடியாகத் திரும்பும்’ போன்ற வரிகளுக்குத்தான் பெரும்பாலும் அந்த நிலை. ‘உடனடியாக’ என்பதைச் சோதிக்க முடியாது. ரத்து செய்த 5 நிமிடத்துக்குள் வங்கிக்குக் கோரிக்கை போக வேண்டும் என்று மாற்றி எழுதிக் கொடுத்தால் சோதிக்கலாம்.

எல்லாச் சேர்க்கைகளையும் இப்படிச் சோதித்துத் தீராது. தள்ளுபடி கூப்பன், மூவரில் ஒருவர் மட்டும் ரத்து செய்வது, 50 பைசாவை முழு ரூபாயாக்குவது என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எனவே பணம் கை மாறும் விளிம்புகளை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே நிற்கும் கேள்விக்குறிகளுக்கு, புரோகிராம் எழுதத் தொடங்கும் முன்பே பதில் வாங்கிவிட வேண்டும். அப்போது அது ஸ்லைடில் ஒரு வரியைத் திருத்தும் வேலை. செயலி வெளியான பிறகு அதே கேள்வியைக் கேட்பவர் 340 ரூபாயை இழந்த பயணியாக இருப்பார்.